மறுபடியும் ஜனவரி ஒன்று

"சொல்லாதீங்க!" என்று நான் கத்தியதில், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வாயை மூடிக்கொண்டார். பக்கத்து ஆளிடம் தன் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

நான் கத்தியது என் நாத்தனாரைப் பார்த்து. அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் இருந்த ஒரு எண்ணைப் படிக்க வாயெடுத்திருந்தார். மறுமுனையில் டாக்டர். எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆஸ்பத்திரியின் டாக்டர். எங்கள் லேபுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி அவர் அனுப்புவதுதான்.

"என்னடி கத்தறே, டாக்டர் லைன்ல இருக்கார்" என்றார் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணி, அது போன வாரத்து ரிசல்ட் இல்ல. தேதியைப் பாருங்க."

அவர் பார்த்தார். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிசல்ட். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. ஏதோ வேலைக்காக அப்போது எங்களிடம் மொத்தப் பரிசோதனையும் செய்துகொண்டவர். அந்தப் பட்டியலில் கிரியேட்டினின் ஒன்றுக்கும் கீழே இருந்தது. சிறுநீரகம் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் போன வாரம் அதே மனிதரின் ரத்தத்தை மெஷினில் ஓட்டியது நான். மூன்றை நெருங்கியிருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மறக்கவில்லை.

டாக்டர் அவருக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார். நரம்பு வழியாகச் சாயம் ஏற்றி எடுக்கிற ஸ்கேன். கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு அந்தச் சாயம் ஆகாது. அதற்காகத்தான் போன வார எண்ணைக் கேட்கிறார். அண்ணி இரண்டு வருடத்துப் பழைய எண்ணைப் படித்திருந்தால் அந்த ஸ்கேன் அன்றைக்கே நடந்திருக்கும்.

"அப்ப போன வாரத்துது எங்கே?" என்றார் அண்ணி.

காணோம். போன வாரம் மட்டும் இல்லை. போன மாதமும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அண்மையில் வந்த யாருமே இல்லை. திரையின் ஓரத்தில் தேதி ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு என்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ போய் நின்றுகொண்டு, எதுவுமே நடக்காத மாதிரி முழித்தது அது.

இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும், முந்தின நாள் சாயங்காலம் லேபை மூடியது நான்.

அதைத்தான் உள்ளே இருந்து வந்த மாமனாரும் முதல் வார்த்தையாகக் கேட்டார். "நேத்து மூடினது யாரு?"

"நான்தான் மாமா."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணியின் கையிலிருந்து போனை வாங்கினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். அன்றைக்கும் போட்டார். பெஞ்சில் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் கேட்டார்கள்.

"மன்னிக்கணும் டாக்டர். எங்க மருமக சாயங்காலம் மூடும்போது கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிடறா. போன தடவையே ஆள் வந்து பாத்துட்டு, யாரோ உள்ள போய் மாத்தியிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

"என்ன சார் இது? ஆள் உயிரு சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார் டாக்டர். அவர் குரல் அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்தது. "நான் ஸ்கேனை நிறுத்தி வைக்கறேன். புது ரத்தம் எடுத்து அனுப்பறேன், நீங்களே ஓட்டுங்க. ஆனா போன வாரத்துதும் வேணும். ஏறுதா இறங்குதான்னு எனக்குத் தெரியணும். அப்புறம், இதைச் சரி பண்ற வரைக்கும் அந்தப் பொண்ணு என் பேஷண்ட் ரிப்போர்ட்டைத் தொட வேண்டாம்."

"கண்டிப்பா டாக்டர்."

கண்டிப்பா டாக்டர். அவ்வளவுதான். நான் மூன்று வருடம் படித்து, கல்யாணத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரவும் பகலும் ஷிப்ட் பார்த்து, ஒரு ரிசல்ட்டில்கூடத் தப்பு வராமல் காப்பாற்றி வைத்திருந்த பெயர் இரண்டே வார்த்தையில் போயிற்று. பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, தன் கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் என்ன திருடியா?

போனை வைத்துவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டுக் கத்துகிற மனிதர் இல்லை அவர். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை அதோடு போயிருக்கும். மெதுவாகச் சொன்னார். "டார்ச் வந்து சரி பண்ணட்டும். அப்புறம் நீ வீட்டுக்குப் போம்மா. இனிமே லேப் வேணாம் உனக்கு. வீட்டைப் பாத்துக்க."

டார்ச் என்பது கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். எந்நேரமும் வாயில் ஒரு சின்ன டார்ச்சைக் கடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் கிடப்பார், அதனால் அந்தப் பெயர். போன மாதம் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போகிறது என்று சொன்னதும், வேகமான புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் இந்த மூன்று கூத்தும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் மூளையின் ஒரு மூலை மட்டும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அண்ணி மவுஸை நகர்த்தித் தேதியின் மேல் கொண்டுபோய் வைத்திருந்தார். மாற்றப் போகிறார்.

"யாரும் தொடாதீங்க" என்றேன். "சரி மாமா, நான் போறேன். ஆனா அவர் வர்ற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும். என்ன பண்ணியிருக்கேன்னு அவரே கண்ணால பாக்கட்டும்."

"தேதியை மட்டும்..." என்றார் அண்ணி.

"தேதியையும்தான்."

நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். அண்ணி அப்பாவைப் பார்த்தார். மாமா உள்ளே போனார். ஒரு நிமிடம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள்.

என் கணவருக்குப் போன் செய்தேன். அவருக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட எதிர்த்துப் பேசாதே, சாயங்காலம் நான் பேசறேன்" என்றார். அவர் பேசின லட்சணம் எனக்குத் தெரியும். சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து புது ரத்தம் வந்தது. மாமாவே வாங்கிக்கொண்டு மெஷின் அறைக்குப் போனார். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அண்ணி ரத்தம் எடுத்தார். ஒவ்வொருவராகக் கையை மடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார்கள். வாசலைத் தாண்டியதும் பேச்சு ஆரம்பிப்பது எனக்குக் கேட்டது.

மாமா திரும்பி வந்தபோது கையில் சின்னச் சீட்டு இருந்தது. மெஷினே அடித்துக் கொடுக்கிற சீட்டு. கிரியேட்டினின் மூன்றைத் தாண்டியிருந்தது.

நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டதல்லவா? ஒரு நிமிடம் எனக்கு அப்படித்தான் தோன்றியது. மாமா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "போன வாரத்து எண் கம்ப்யூட்டர்ல இல்லேன்னு இவளுக்கு மட்டும் எப்படி உடனே தெரிஞ்சுது?"

காது மந்தமானவர்களுக்குத் தங்கள் தாழ்ந்த குரல் எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று தெரியாது. நல்லது செய்தாலும் அதுவே என் மேல் சாட்சியாக வந்து நிற்கும் என்றால், மனுஷி என்னதான் செய்வாள்?

டார்ச் வந்தார். வரும்போதே, "மறுபடியுமா? யாரோ உள்ள போய்க் கை வெக்கிறாங்க சார், நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க. காலையில ஆன் பண்ணதுலேருந்து யாரும் தொடல."

அவர் உட்கார்ந்தார். டார்ச்சைக் கடிக்க எடுத்தவர், திரை ஓரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"இது என்ன தேதி?"

"ஜனவரி ஒண்ணு" என்றேன்.

"அது தெரியுது. போன தடவை நான் வந்தப்ப தேதி சரியா இருந்துதே?"

டார்ச் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கையுறையைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

"நான்தான் சரி பண்ணுவேன்" என்றார் கடைசியில். "காலையில திறந்ததும் முதல் வேலையா தேதியைச் சரி பண்ணிடுவேன். இல்லேன்னா ரிப்போர்ட்ல தப்புத் தேதி வந்துடுமே. இன்னைக்கு அதுக்குள்ள டாக்டர் போன் வந்துடுச்சு."

"ஆன் பண்ணும்போது கறுப்புத் திரையில இங்கிலீஷ்ல ஏதாவது வருமா?"

"வரும். பீப்னு ஒரு சத்தம் வந்து, எஃப் ஒன்னை அழுத்துன்னு வரும். அழுத்திடுவேன்."

"அதுக்கு மேல என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சீங்களா?"

"அதை யாரு படிப்பா? அழுத்தினாத்தான் ஓடுது."

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறேழு மாசமா. தினமும் இல்ல, நடுநடுவுல."

ஆறேழு மாதம்! புது டிஸ்க் போடுவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து. நான் திரும்பி அண்ணியை நேராகப் பார்த்தேன். "எந்தெந்த நாள்ல அண்ணி?"

அவர் கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"நான் மூடின மறுநாள்லதானே?"

"ஆமா" என்றார். "முதல்ல நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு பயந்தேன். சொன்னா அப்பா என்னைத் திட்டுவாரேன்னு சத்தமில்லாம சரி பண்ணிட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா நீ மூடின மறுநாள் மட்டும்தான் வருது. அப்ப நீதான்னு..."

"நீதான்னு நெனச்சு வாயை மூடிட்டு இருந்தீங்க."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே நேரம், நாற்பது வயதுப் பெண் அப்பா திட்டுவார் என்று பயந்து ஆறு மாதமாகக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்பும் வந்தது. சிரிக்கிற நேரமா அது?

"சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க" என்றார் டார்ச். "முதல்ல டாக்டருக்கு வேணுங்கறதை எடுத்துடலாம்."

கம்ப்யூட்டரை மறுபடி ஆரம்பித்து, ஆரம்பத்திலேயே ஒரு பொத்தானைத் தட்டி நீலத் திரைக்குள் போனார். டிஸ்குகளின் வரிசையை மாற்றினார், தேதியைச் சரிசெய்தார், வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் லேபின் பட்டியல் வந்தது. நேற்று வந்தவர்கள், முந்தாநாள் வந்தவர்கள், எல்லோரும் அவரவர் இடத்தில். பஸ் டிரைவரின் போன வார எண்ணும் இருந்தது. நான் ஞாபகம் வைத்திருந்த அதே எண். மாமா டாக்டருக்குப் போன் செய்து அதைப் படித்தார். ஸ்கேன் அன்றைக்குக் கிடையாது, சாயமும் கிடையாது என்று டாக்டர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. என்னைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டார்ச் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே தூசி பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. வாயில் இருந்த வெளிச்சத்தை ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினார். மதர்போர்டின் ஓரத்தில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒரு செல்.

"இதான். கம்ப்யூட்டரை அணைச்ச பிறகும் உள்ள ஒரு கடிகாரம் ஓடிட்டே இருக்கணும். எந்த டிஸ்க்லேருந்து ஆரம்பிக்கணும், எது எப்படி இருக்கணும்னு நாம சொல்லி வெச்சதும் ஞாபகம் இருக்கணும். இந்த மாதிரிப் பழைய போர்டுல அது ரெண்டுக்கும் கரண்ட் குடுக்கறது இந்த செல்லு. அஞ்சாறு வருஷம் தாங்கும். இது இந்தப் பெட்டி வாங்கினதுலேருந்து இருக்கு போல."

செல்லைச் சின்ன இடுக்கியால் கிளப்பி எடுத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது, இரண்டுகூட இல்லை. மாமாவிடம் நீட்டிக் காட்டினார். மாமா கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"செத்துப் போச்சு சார். கரண்ட் போனதும் கடிகாரம் நின்னுடும். நாம சொன்னதெல்லாம் மறந்துடும். திரும்ப ஆன் பண்ணினா, தொழிற்சாலையிலேருந்து வந்தப்ப என்ன இருந்துதோ அதுக்குப் போயிடும். தேதி ஜனவரி ஒண்ணு. டிஸ்க், முதல் இடத்துல செருகியிருக்கற டிஸ்க்." அங்கே கொஞ்சம் தயங்கினார். "முதல் இடத்துல இருக்கறது பழைய டிஸ்க். அதுல பழைய விண்டோஸ், பழைய லேப் புரோகிராம் எல்லாம் அப்படியே இருக்கு. புதுசு போட்டப்ப ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்னு நான்தான் அதைக் கழட்டாம விட்டேன். வரிசையை மாத்தி, புதுசுலேருந்து ஆரம்பின்னு சொல்லி வெச்சேன். அது மறந்ததும் பழசுலேருந்து ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப ரிசல்ட் எதுவும் அழியலையா?"

"ஒண்ணும் அழியல. ரெண்டு வீடு பக்கத்துப் பக்கத்துல இருக்கு, நீங்க பூட்டிப் போட்ட பழைய வீட்டுக்குள்ள போய்ச் சாமானைத் தேடினீங்க, அவ்வளவுதான்."

மாமா செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபைத் தனி ஆளாக நிறுத்தினவர். எந்த ரிசல்ட்டையும் ஒரு தடவை பார்த்து நம்பமாட்டார். அந்தக் குணம் இப்போதும் விடவில்லை.

"செல்லு செத்துப் போச்சுன்னா தினமும்தானே மறக்கணும்? என் பொண்ணு மூடற அன்னைக்கு மறக்கலையே. இவ மூடற அன்னைக்கு மட்டும் எப்படி?"

கேள்வி நியாயமானது. அதுதான் என்னைக் குத்தியது. ஒருவேளை நானே தெரியாமல் எதையாவது செய்கிறேனோ என்றுகூட ஒரு பயம் வந்துவிட்டது.

டார்ச் என்னைக் கேட்டார். அன்று காலையிலிருந்து என்னைக் கேள்வி என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். "நீங்க மூடும்போது என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"மெஷினைக் கழுவ விடுவேன். கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணுவேன். அப்புறம் எல்லா ஸ்விட்சையும் அணைப்பேன். ஃபிரிட்ஜைத் தவிர."

"எல்லா ஸ்விட்சும்னா? சுவத்துல இருக்கறதா?"

"ஆமா. யூபிஎஸ்ஸையும் சேத்து. எங்க அம்மா வீட்டுல ஒருதடவை ஸ்விட்ச் போட்டபடியே விட்டு, வயர் பத்திக்கிட்டுப் பாதி வீடு எரிஞ்சு போச்சு. அதுலேருந்து எனக்கு எல்லாத்தையும் அணைச்சாத்தான் தூக்கம் வரும்."

டார்ச் அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க?"

"ஷட் டவுன் பண்ணிட்டுப் பூட்டிட்டுப் போயிடுவேன். சுவத்து ஸ்விட்ச் எனக்குக் குனியணும், இடுப்பு வலி."

டார்ச் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "முடிஞ்சுது. சார், சுவத்துல ஸ்விட்ச் போட்டிருந்தா, கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் போயிட்டே இருக்கும். கடிகாரம் அதுலேயே ஓடிக்கும். செல்லு செத்தது வெளியிலயே தெரியாது. இவங்க ஒழுங்கா எல்லாத்தையும் அணைக்கறாங்க. அணைச்ச அன்னைக்கு மட்டும் செல்லை நம்பி நிக்கணும். செல்லுல ஒண்ணும் இல்ல. இவங்க கெடுக்கல. இருந்த கேடு இவங்க அணைச்சப்ப வெளிய வந்துச்சு."

"சொல்றே. நிஜம்தானா?" என்றார் மாமா.

"நீங்களே பாத்துக்கங்க" என்று டார்ச் அந்தச் செத்த செல்லையே திரும்பப் போர்டில் பொருத்தினார். மறுபடி தேதியையும் வரிசையையும் சரிசெய்து ஓடவிட்டார். ஷட் டவுன் செய்து, சுவர் ஸ்விட்சை அணைக்காமல் கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப ஆன் செய்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது. "இப்ப ஸ்விட்சையும் அணைச்சுப் பாக்கணும்" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நான் அணைக்க மாட்டேன். அண்ணி அணைக்கட்டும்."

அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சுவர் ஸ்விட்சையும் யூபிஎஸ்ஸையும் அவர் கையாலேயே அணைத்தார். பெட்டிக்குள் ஓரமாக எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மங்கி அணைந்தது. காத்திருந்தோம். அதற்குள் ஒருவர் வந்து, ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் சாயங்காலம் வரச் சொன்னோம். அவர் பயந்துகொண்டே போய்விட்டார்.

இந்தப் பாழாய்ப்போன செல்லில் மிச்சம் மீதி உயிர் ஒட்டிக்கொண்டிருந்து, இந்த ஒரு தடவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால்? நான் என்ன சொன்னாலும் பிறகு எடுபடாது. வேண்டாத தெய்வம் இல்லை. ஒரு பொருள் நன்றாகக் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன்.

"போடுங்கம்மா" என்றார் டார்ச்.

அண்ணி ஸ்விட்சைப் போட்டார், கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தினார். பீப். கறுப்புத் திரை. டார்ச் வெள்ளை எழுத்தில் வந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வைத்திருந்த அமைப்புகள் கெட்டுவிட்டன, ஆரம்ப அமைப்புகள் ஏற்றப்பட்டன, தேதியும் நேரமும் இல்லை, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும். அண்ணி அழுத்தினார். பழைய டிஸ்க், பழைய பட்டியல். ஓரத்தில் ஜனவரி ஒன்று.

மூடியது அவர் கை. கெடுத்ததும் அப்படியானால் அவர் கைதான் என்று சொல்லிக் காட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து விட்டுவிட்டேன். எல்லாம் ஒரு அளவுக்குத்தான்.

டார்ச் பையிலிருந்து புது செல் ஒன்றைப் பிரித்துப் போட்டார். தேதியையும் வரிசையையும் கடைசி முறையாகச் சரிசெய்தார். பழைய டிஸ்கின் வயரைப் பிடுங்கி விட்டார். மறுபடி சுவர் ஸ்விட்சை அணைத்து, காத்திருந்து, போட்டுப் பார்த்தார். பீப் இல்லை, கறுப்புத் திரை இல்லை. அன்றைய தேதியில் அன்றைய பட்டியல் வந்தது.

"சார், போன தடவை நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்" என்றார் மாமாவிடம். "வரிசை மாறியிருக்கேன்னு பாத்தேனே தவிர, ஏன் மாறுச்சுன்னு பாக்கல. யாரோ மாத்தியிருக்காங்கன்னு சொன்னது என் தப்பு." என்னிடமும் திரும்பித் தலையைச் சாய்த்துவிட்டுப் போனார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் கிடந்த பழைய செல்லை விரலால் தள்ளினார். "சரி. ஆனது ஆச்சு. வேலையைப் பாரும்மா" என்றார்.

வேலையைப் பாரும்மா. காலையில் வீட்டைப் பார், இப்போது வேலையைப் பார். இரண்டையும் ஒரே குரலில் சொல்ல அவரால் முடிந்தது.

"மாமா, நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. யார் மூடினதுன்னு கேட்டேனே."

"அது கேள்வி இல்ல மாமா. டார்ச் கேட்டாரே, என்ன பண்ணுவேன்னு, அது கேள்வி. நீங்க கேக்கல, முடிவு பண்ணிட்டுச் சொன்னீங்க. எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா நான் பொறுத்துப்பேன். டாக்டர்கிட்டச் சொன்னீங்க. நான் ரிப்போர்ட்டைத் தொடக் கூடாதுன்னு அவர் சொன்னப்ப, கண்டிப்பான்னு சொன்னீங்க. அதைத் திரும்ப எடுத்தாத்தான் எனக்கு இங்க வேலை."

அண்ணி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அந்த வீட்டில் மாமாவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். நான் நகரவில்லை.

அவர் போனை எடுத்தார். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"டாக்டர், காலையில என் மருமகளைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்பு. கம்ப்யூட்டர்ல செல்லு செத்துப் போயிருந்துது. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்படியா? சொல்லாதீங்கன்னு ஒருத்தங்க கத்தினாங்களே, அவங்களா?" என்றார் டாக்டர். "போன்லயே கேட்டுது. அவங்க கத்தலேன்னா நான் சாயத்தை ஏத்தியிருப்பேன் சார். என் ரிப்போர்ட்டெல்லாம் இனிமே அவங்களே பாக்கட்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பினேன். திரும்பினால் எதிரே பெஞ்சு. ஒரு ஆள் இல்லை. காலையில் அந்தப் பன்னிரண்டு பேரும் இதே ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள். இந்நேரம் எத்தனை வீட்டில் என் கதை ஓடுகிறதோ. இப்போது டாக்டர் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

நான் எதைப் பார்க்கிறேன் என்று மாமாவும் பார்த்தார். அவர் கண்ணும் அந்தக் காலி பெஞ்சு முழுக்கப் போய் வந்தது. போனை மேஜையில் வைத்தார்.

"சாயங்காலம் எல்லாரும் ரிப்போர்ட் வாங்க வருவாங்க இல்ல?" என்றார் பிறகு. "ஒவ்வொருத்தருக்கும் நானே குடுக்கறேன். குடுக்கும்போது சொல்லிடறேன்."

வேண்டாம் மாமா, விடுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. மருமகள் என்றால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. பன்னிரண்டு ரிப்போர்ட்டையும் அடித்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.